வேகன் வீல்: கோடுகளையும் வெற்றிடத்தையும் படிப்பது எப்படி?

ஒரு பேட்ஸ்மேன் எடுத்த ரன்கள் மைதானத்தின் எந்தெந்தத் திசையில் வந்தன என்பதைக் கோடுகளால் காட்டும் படத்துக்கு வேகன் வீல் என்று பெயர். வட்டமாகவோ முட்டை வடிவிலோ மைதானம் வரையப்பட்டிருக்கும். பேட்ஸ்மேன் நின்ற இடத்திலிருந்து பல கோடுகள் கிளம்பி நாலாபுறமும் ஓடும். குடத்திலிருந்து ஆரக்கால்கள் விரியும் வண்டிச் சக்கரம்போலத் தெரிவதால்தான் இந்தப் பெயர். ஒரு கோடு என்பது பேட்ஸ்மேன் ரன் எடுத்த ஒரு பந்து.

தொலைக்காட்சி வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தப் படம் இருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் ஃபெர்குசன் 1905-ல் இங்கிலாந்து சென்ற ஆஸ்திரேலிய அணிக்கு ஸ்கோரராகப் போனார். அதன்பின் அரை நூற்றாண்டு காலம் பல நாட்டு அணிகளோடு பயணம் செய்து கணக்கு எழுதினார். எத்தனை ரன் என்பதோடு நிறுத்தாமல், பந்து எந்தப் பக்கம் போனது என்பதையும் கையால் கோடு போட்டுக் குறித்து வைப்பது அவர் வழக்கம். இன்று அதே வேலையைக் கணினித் திரையில் செய்கிறார்கள். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு, பந்து போய்ச் சேர்ந்த இடத்தை ஒருவர் மைதானப் படத்தில் தொட்டுக் குறிக்கிறார். அந்தப் புள்ளியையும் பேட்ஸ்மேன் நின்ற இடத்தையும் மென்பொருள் கோட்டால் இணைக்கிறது.

பார்க்க எளிமையான படம்தான். ஆனால் அதில் எது வரையப்படுகிறது, எது வரையப்படுவதில்லை என்று தெரியாமல் பார்த்தால் தவறான முடிவுக்கே கொண்டுபோய் விடும். இந்த இரண்டையும் ஒருசேர விளக்க, 2004 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் எடுத்த 241 ரன்களைவிடப் பொருத்தமான இன்னிங்ஸ் கிடைப்பது அரிது. அதற்கு முன் படத்தின் திசைகளைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பந்துவீச்சாளர் எந்தப் பக்கம்?

படத்தைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டியது பந்துவீச்சாளர் எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறார் என்பதை. தொலைக்காட்சியில் பெரும்பாலும் பந்துவீச்சாளரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆட்டத்தைப் பார்க்கிறோம். படமும் அப்படியே வரையப்பட்டிருந்தால் பந்துவீச்சாளர் கீழே இருப்பார், பேட்ஸ்மேன் கீழ்நோக்கிப் பார்த்து நிற்பார். சில படங்களில் இது தலைகீழாக இருக்கும். அப்போது இடமும் வலமும் மாறிவிடும். ஆஃப் சைடு, லெக் சைடு என்று படத்தின் ஓரத்தில் எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. எழுதியிருக்காவிட்டால் பிட்ச் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்க்க வேண்டும். கோடுகள் தொடங்கும் முனை பேட்ஸ்மேன் நிற்கும் முனை, மறு முனை பந்துவீச்சாளருடையது.

பந்துவீச்சாளர் கீழே இருக்கும் படத்தைக் கடிகார முகம்போலக் கற்பனை செய்துகொள்ளலாம். பேட்ஸ்மேன் நடுவில் நிற்கிறார், பந்துவீச்சாளர் 6 மணியில் இருக்கிறார். பேட்ஸ்மேன் வலக்கை ஆட்டக்காரர் என்றால், படத்தின் இடது பாதி முழுவதும் ஆஃப் சைடு. 9 மணியில் பாயின்ட், 7-க்கும் 8-க்கும் இடையில் கவர், 6-ஐத் தாண்டியதும் லாங் ஆஃப், 10-க்கும் 11-க்கும் இடையில் தேர்டு மேன். வலது பாதி லெக் சைடு. 3 மணியில் ஸ்கொயர் லெக், 4-க்கும் 5-க்கும் இடையில் மிட் விக்கெட், 6-ஐ ஒட்டி லாங் ஆன், 1-க்கும் 2-க்கும் இடையில் ஃபைன் லெக். 12 மணியில் விக்கெட் கீப்பர் நிற்கிறார்.

இடக்கை ஆட்டக்காரர் வந்தால் இந்தக் கடிகாரம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும். அவருக்கு 3 மணிதான் பாயின்ட். எனவே ஒரு வலக்கை ஆட்டக்காரரின் படத்தையும் ஓர் இடக்கை ஆட்டக்காரரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருவரும் வலது பக்கம்தான் அதிகம் அடித்திருக்கிறார்கள் என்று சொன்னால் அது பொருளற்ற ஒப்பீடு. ஒருவர் லெக் சைடில் அடித்திருக்கிறார், இன்னொருவர் ஆஃப் சைடில் அடித்திருக்கிறார்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஓவருக்கு ஓவர் பந்துவீச்சு முனை மாறுகிறது. சிட்னியில் ஓர் ஓவர் பேடிங்டன் முனையிலிருந்து வீசப்பட்டால் அடுத்தது ராண்ட்விக் முனையிலிருந்து வீசப்படும். பேடிங்டன் முனையிலிருந்து வந்த பந்தை ஸ்கொயர் லெக்கில் அடித்தால் அது மைதானத்தின் ஒரு பக்கம் போகும். ராண்ட்விக் முனையிலிருந்து வந்த பந்தை அதே ஸ்கொயர் லெக்கில் அடித்தால் நேரெதிர்ப் பக்கம் போகும். ஆனால் வேகன் வீலில் இரண்டும் ஒரே திசையில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளாக விழும். எல்லாப் பந்துகளும் ஒரே முனையிலிருந்து வீசப்பட்டதுபோலப் படம் திருப்பி அடுக்கிவிடுகிறது. ஆகவே இது மைதானத்தின் வரைபடம் அல்ல, பேட்ஸ்மேனின் உடலை மையமாக வைத்த வரைபடம். ஒரு பக்கம் எல்லைக்கோடு கிட்டத்தில் இருந்ததா, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதெல்லாம் இதில் கரைந்து போகின்றன.

கோட்டின் நீளமும் நிறமும்

எல்லைக்கோட்டைத் தொடும் கோடு பவுண்டரி. அதைத் தாண்டி நீள்வது சிக்ஸர். இடையில் நின்றுவிடும் கோடுகள் ஓடி எடுத்த ஒன்று, இரண்டு, மூன்று ரன்கள். பொதுவாக ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் கொடுப்பார்கள். எந்த நிறம் எதற்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், படத்தின் மூலையில் இருக்கும் நிற விளக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓடி எடுத்த ரன்களுக்கான கோடு, ஃபீல்டர் பந்தைப் பிடித்த இடத்தில் முடியும். அதாவது அந்த நீளம் அடியின் வலுவை மட்டும் காட்டுவதில்லை, ஃபீல்டர் எங்கே நின்றிருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. ஒரே வேகத்தில் அடித்த இரண்டு பந்துகளில் ஒன்று 25 மீட்டரில் தடுக்கப்படலாம், மற்றொன்று எல்லை வரை ஓடலாம். படத்தில் முதலாவது தயங்கித் தட்டிய அடிபோலவும் இரண்டாவது ஓங்கி அடித்த அடிபோலவும் தோன்றும்.

கோடுகளின் எண்ணிக்கையை ரன்களாக எண்ணிவிடுவது பொதுவாக நேரும் பிழை. லாங் ஆன் பக்கம் பத்து ஒற்றை ரன்கள், கவர் பக்கம் மூன்று பவுண்டரிகள் என்று வைத்துக்கொள்வோம். லாங் ஆன் பக்கம் பத்துக் கோடுகள் அடர்த்தியாகத் தெரியும், கவர் பக்கம் மூன்றே கோடுகள் இருக்கும். ஆனால் லாங் ஆனில் வந்தது 10 ரன், கவரில் வந்தது 12 ரன். கண் அடர்த்தியை நோக்கித்தான் போகும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் மைதானத்தை எட்டுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எத்தனை ரன் என்று எண்ணையும் எழுதுகிறார்கள். எண் எழுதியிருந்தால் முதலில் எண்ணைப் படித்துவிட்டுப் பிறகு கோடுகளைப் பார்ப்பதே சரி.

சிட்னி, 2004

அந்தத் தொடரில் சிட்னிக்கு வருவதற்கு முன் டெண்டுல்கர் ஐந்து இன்னிங்ஸ் ஆடியிருந்தார். எடுத்த ரன்கள் 0, 1, 37, 0, 44. ஐந்துக்கும் சேர்த்து 82. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்தை கவர் டிரைவ் அடிக்கப் போய் விக்கெட்டைப் பறிகொடுக்கக் கூடாது, அந்த அடியையே ஒதுக்கிவைப்பது என்று முடிவெடுத்து அவர் சிட்னியில் இறங்கினார். ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் வாவுக்கு அது கடைசி டெஸ்ட். பிரெட் லீ, ஜேசன் கில்லெஸ்பி, நேதன் பிராக்கன் என்று மூன்று வேகப்பந்து வீச்சாளர்களும், ஸ்டூவர்ட் மெக்கில் என்ற சுழற்பந்து வீச்சாளரும் எதிரில் இருந்தார்கள்.

டெண்டுல்கர் 10 மணி 13 நிமிடம் களத்தில் நின்றார். 436 பந்துகளைச் சந்தித்து 241 ரன் எடுத்தார். 33 பவுண்டரிகள், சிக்ஸர் ஒன்றுகூட இல்லை. வி.வி.எஸ். லட்சுமணுடன் நான்காவது விக்கெட்டுக்கு 353 ரன் சேர்த்தார், அதில் லட்சுமண் எடுத்தது 178. இந்தியா 7 விக்கெட்டுக்கு 705 ரன் எடுத்து டிக்ளேர் செய்தது.

இந்த இன்னிங்ஸின் வேகன் வீலைப் பார்க்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அதன் ஒருபக்கச் சாய்வு. 241 ரன்களில் 188 ரன்கள் லெக் சைடில் வந்தவை. 33 பவுண்டரிகளில் 28 அந்தப் பக்கம் போனவை. மேலே சொன்ன கடிகாரத்தில் வைத்துப் பார்த்தால் வலது பாதி முழுக்கக் கோடுகள், இடது பாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. வண்டிச் சக்கரத்தில் ஒரு பக்க ஆரக்கால்கள் உடைந்து விழுந்துவிட்டதுபோன்ற தோற்றம்.

இந்த நான்கு எண்களை வைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். லெக் சைடில் 28 பவுண்டரிகள் என்றால் 112 ரன். அந்தப் பக்கம் வந்த 188-லிருந்து இதைக் கழித்தால் 76 ரன் ஓடி எடுத்தவை. ஆஃப் சைடில் வந்த மொத்த ரன் 53. அதில் ஐந்து பவுண்டரிகளுக்கு 20 போக, 33 ரன் ஓடி எடுத்தவை.

ஆக, லெக் சைடு ரன்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பவுண்டரிகளால் வந்திருக்கிறது. ஆஃப் சைடில் பவுண்டரிகளின் பங்கு ஐந்தில் இரண்டுக்கும் சற்றுக் குறைவு. அவர் ஆஃப் சைடை முழுதாக அடைத்துவிடவில்லை. அங்கே ஒன்றும் இரண்டுமாக ஓடிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பக்கம் எல்லைக்கோட்டை எட்டிய அடிகள்தான் அரிது. வெறும் சாய்வை மட்டும் பார்த்து, ஆஃப் சைடில் அவர் ஆடவே இல்லை என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

வரையப்படாத 294 பந்துகள்

இந்த இன்னிங்ஸில் உண்மையில் நடந்தது என்ன என்பதை அறிய, படத்தில் இல்லாததைக் கணக்கிட வேண்டும். 33 பவுண்டரிகளுக்கு 33 கோடுகள். மீதியுள்ள 109 ரன்கள் ஓடி எடுத்தவை. அவை அனைத்துமே ஒற்றை ரன்கள் என்று வைத்துக்கொண்டாலும் 109 கோடுகள்தான் வரும். இரண்டும் மூன்றும் கலந்திருந்தால் அதைவிடக் குறையும். ஆக அந்தச் சக்கரத்தில் இருக்கக்கூடிய கோடுகள் அதிகபட்சம் 142. அவர் சந்தித்த பந்துகளோ 436. குறைந்தது 294 பந்துகள் படத்தில் ஒரு தடயமும் விடாமல் போய்விட்டன. மூன்றில் இரண்டு பங்கு பந்துகள் இப்படி மறைந்திருக்கின்றன.

அந்த 294-ல் என்னென்ன இருந்தன? தடுத்து ஆடிய பந்துகள், ஃபீல்டர் கையில் நேராகப் போய் விழுந்த நல்ல அடிகள், மட்டையை உயர்த்தி விலகிக்கொண்டு கீப்பரிடம் விட்ட பந்துகள் என எல்லாமே அதில் அடக்கம். டெண்டுல்கர் அன்று எடுத்த முடிவு எந்த அடியை ஆடுவது என்பதைவிட எந்த அடியை ஆடாமல் இருப்பது என்பது பற்றியது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்துகளை விட்டுக்கொண்டே இருந்தார். விக்கெட் வேண்டுமானால் பந்துவீச்சாளர் ஸ்டம்பை நோக்கி வீசியாக வேண்டும். அப்படி நேராக வந்ததும் மணிக்கட்டைத் திருப்பி லெக் சைடில் தள்ளினார். லெக் சைடில் தெரியும் கோடுகள் இந்தப் பொறுமையின் விளைவு. அந்த விளைவு படத்தில் இருக்கிறது, காரணம் இல்லை. பந்தை விடுவதற்கு வேகன் வீலில் கோடு கிடையாது.

இதனால்தான் வேகன் வீலைப் படிக்கும்போது ரன்னையும் பந்தையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. படம் ரன்னின் திசையைச் சொல்கிறது. ஒரு திசையில் எத்தனை முறை முயன்றார், எத்தனை முறை தோற்றார் என்பதைச் சொல்வதில்லை. ஒருவர் கவர் திசையில் 12 முறை டிரைவ் அடித்து, பன்னிரண்டும் அங்கே நின்ற ஃபீல்டரிடமே போயிருந்தால் அந்தத் திசை வெறுமையாகத் தெரியும். இன்னொருவர் அந்த அடியை ஒருமுறைகூட ஆடாமல் இருந்தாலும் அதே வெறுமைதான். முதலாமவரின் அடியை ஃபீல்டர்கள் அடைத்திருக்கிறார்கள், இரண்டாமவர் தானாகவே ஒதுக்கியிருக்கிறார். படம் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

வெற்றிடத்துக்கு மூன்று காரணங்கள்

ஒரு திசையில் கோடு இல்லை என்றால் காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம். முதலாவது, பேட்ஸ்மேன். அந்த அடி அவருக்குக் கைவராததாக இருக்கலாம், அல்லது கைவந்தும் அன்று வேண்டாம் என்று அவர் வைத்திருக்கலாம். சிட்னியில் நடந்தது இரண்டாவது வகை.

இரண்டாவது, பந்துவீச்சு. ஒரு நாள் முழுக்க உடலை நோக்கிக் குறுகிய அளவில் பந்து வந்துகொண்டிருந்தால், உலகின் மிகச் சிறந்த கவர் டிரைவ் கையில் இருந்தாலும் அதைக் காட்ட வாய்ப்பு வராது. பந்து எங்கே குத்தியது என்பதை வேகன் வீல் சொல்லாது. அதற்குப் பிச் மேப் என்ற வேறு படம் இருக்கிறது. பிட்ச்சின் நீளத்தில் ஒவ்வொரு பந்தும் குத்திய இடத்தைப் புள்ளியாகக் காட்டும் படம் அது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், லெக் சைடு கோடுகள் ஸ்டம்பில் வந்த பந்தைத் திருப்பியதால் வந்தவையா, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியிலிருந்து இழுத்து அடித்ததால் வந்தவையா என்று தெரியும். முதலாவது பாதுகாப்பான ஆட்டம், இரண்டாவது துணிச்சலான ஆட்டம். வேகன் வீலில் இரண்டும் மிட் விக்கெட் நோக்கிப் போகும் ஒரே கோடு.

மூன்றாவது, ஃபீல்டர்கள் நின்ற இடம். ஆஃப் சைடில் ஏழு பேரை நிறுத்தி லெக் சைடில் இரண்டே பேரை விட்டால் ரன் எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை. வேகன் வீலில் ஃபீல்டர்கள் இல்லை. ஒரு நாள் போட்டியிலும் இருபது ஓவர் போட்டியிலும் இது இன்னும் சிக்கலாகிறது. இருபது ஓவர் ஆட்டத்தில் முதல் ஆறு ஓவர்களில் 30 கெஜ வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்கள்தான் நிற்கலாம், அதன்பின் ஐந்து பேர் வரை நிற்கலாம். முதல் ஆறு ஓவரில் கவருக்கு மேல் தூக்கி அடித்து எடுத்த பவுண்டரியும், பதினைந்தாவது ஓவரில் அதே இடத்தில் ஓடி எடுத்த ஒற்றை ரன்னும் ஒரே படத்தில் கலந்துவிடுகின்றன. இன்னிங்ஸைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் படம் வரைந்தால் இந்தக் கலப்படம் நீங்கும். பந்துவீச்சாளர்வாரியாகப் பிரித்தாலும் பயன் உண்டு. வேகத்துக்கு எதிராக ஒரு சக்கரம், சுழலுக்கு எதிராக ஒரு சக்கரம் என்று பார்த்தால் பல பேட்ஸ்மேன்கள் இரண்டு வேறு ஆட்கள்போலத் தெரிவார்கள்.

கோடு சொல்லாத அடி

கோடு இருக்கும் இடத்திலும் எச்சரிக்கை வேண்டும். பந்து போன திசை வேறு, பேட்ஸ்மேன் அனுப்ப நினைத்த திசை வேறு. கவர் டிரைவ் அடிக்கப் போய், பந்து மட்டையின் உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பை உரசாமல் ஃபைன் லெக் எல்லைக்கு ஓடினால் அது லெக் சைடில் ஒரு பவுண்டரிக் கோடாக விழும். மணிக்கட்டால் நயமாகத் திருப்பிய அடிக்கும் அதே கோடுதான். அதேபோல் வெளிவிளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு நடுவே தப்பித்த பந்து தேர்டு மேன் திசையில் விழும், தாமதமாக வெட்டிய லேட் கட் அடியோடு சேர்ந்து எண்ணப்படும். ஆகவே விக்கெட்டுக்குப் பின்புறம், அதாவது கடிகாரத்தில் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் கோடுகள் அடர்ந்திருந்தால், அது நயமான ஆட்டமா தடுமாற்றமா என்பதைப் படத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஆட்டத்தைப் பார்த்தவர் சொல்ல வேண்டும், அல்லது பந்துக்குப் பந்து எழுதிய வருணனையைப் படிக்க வேண்டும்.

ரிவர்ஸ் ஸ்வீப் இன்னொரு குழப்பத்தை உண்டாக்குகிறது. பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போது பேட்ஸ்மேன் எப்படி நின்றாரோ அதை வைத்தே ஆஃப் சைடு, லெக் சைடு முடிவாகிறது. அதன்பின் அவர் கையை மாற்றிப் பிடித்தாலும் சரி, உடலைத் திருப்பினாலும் சரி, பக்கம் மாறாது. எனவே ரிவர்ஸ் ஸ்வீப் அடித்துப் பாயின்ட் பக்கம் போன பந்தும், பின்னால் நகர்ந்து கட் அடித்து அதே பக்கம் போன பந்தும் படத்தில் ஒன்றுதான். சுழற்பந்து வீச்சாளரைத் தலைகீழாக ஸ்வீப் செய்து ரன் குவித்தவரை, கட் அடியில் தேர்ந்தவர் என்று இந்தப் படத்தை மட்டும் பார்ப்பவர் நினைக்க இடமுண்டு.

பந்துவீச்சாளரின் தலைக்கு மேலாகவோ காலடியிலோ நேராகப் போகும் பந்துகளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஆஃப் சைடையும் லெக் சைடையும் பிரிக்கும் கோடு பிட்ச்சின் நடுவாக ஓடுகிறது. நேராக அடித்த இரண்டு டிரைவ்களில் ஒன்று அந்தக் கோட்டுக்கு ஓரடி இடப்புறமும் மற்றது ஓரடி வலப்புறமும் போனால் ஒன்று ஆஃப் கணக்கில் சேரும், இன்னொன்று லெக் கணக்கில் சேரும். இரண்டுமே ஒரே அடிதான். எட்டுத் துண்டுகளாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு எல்லையிலும் இதே பிரச்சினை வரும். துண்டுகளின் எண்களில் ஓரிரு ரன் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம். சிட்னியில் இருந்ததுபோல 188-க்கு 53 என்ற இடைவெளி இருந்தால், ஒருசில பந்துகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எண்ணப்பட்டதால் முடிவு மாறிவிடாது.

ஒரு படம், பல படங்கள்

ஒரு நல்ல வாசகர் வேகன் வீலைக் கையில் எடுத்தால் ஏறத்தாழ இந்த வரிசையில்தான் போவார். பந்துவீச்சாளர் எந்தப் பக்கம், பேட்ஸ்மேன் எந்தக் கை என்று பார்த்து ஆஃப் சைடைக் கண்டுபிடிப்பார். இரு பக்க ரன்களையும் கூட்டுவார். ஒவ்வொரு பக்கத்திலும் பவுண்டரிகள் எத்தனை, ஓடியவை எத்தனை என்று பிரிப்பார். மொத்தப் பந்துகளிலிருந்து கோடுகளைக் கழித்து, மறைந்துபோன பந்துகளின் அளவைத் தெரிந்துகொள்வார். அதன்பின் வெற்றிடத்துக்குக் காரணம் பேட்ஸ்மேனா, பந்துவீச்சா, ஃபீல்டர்களா என்று கேட்டு, அதற்கான பதிலைப் படத்துக்கு வெளியே தேடுவார்.

ஒரு இன்னிங்ஸின் படத்தை வைத்து ஒரு பேட்ஸ்மேனுக்கு முத்திரை குத்திவிடவும் கூடாது. ஒரு நூறு அடித்த ஆட்டத்தில் ஐம்பது அறுபது கோடுகள்தான் இருக்கும். அன்று வந்த பந்துகளும் அன்று நின்ற ஃபீல்டர்களும் அதை வடிவமைத்திருப்பார்கள். பல இன்னிங்ஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அப்போதும் ஒரே திசையில் சாய்வு நீடித்தால்தான் அதை அந்த ஆட்டக்காரரின் இயல்பு என்று சொல்ல முடியும்.

இதற்கும் சிட்னியே சான்று. டெண்டுல்கரை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவரிடம் அந்த 241 ரன்களின் சக்கரத்தை மட்டும் கொடுத்தால், லெக் சைடில் மட்டுமே பலம் உள்ள, கவர் டிரைவ் ஆடத் தெரியாத ஓர் ஆட்டக்காரர் என்றுதான் அவர் எழுதுவார். கோடுகள் அனைத்தும் அவர் பக்கம் சாட்சி சொல்லும். ஆனால் அந்த அடி டெண்டுல்கரின் ஆட்டத்தில் பேர்போனவற்றுள் ஒன்று. சிட்னியில் அதை அவர் பத்து மணி நேரம் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். பூட்டு படத்தில் தெரியாது.